"இப்போதே வாங்க"வா, "சலுகை விலை பார்க்க"வா? இயர் எண்ட் சேல் பட்டனை டெஸ்ட் செய்து முடிவைப் படிக்கும் விதம்

போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாங்கூழ் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மே, ஜூன், ஜூலையில் பெங்களூராவும் அல்போன்சாவும் வரும்போது கூழ் போட்டு டின்னில் அடைத்துவிடுகிறார்கள், வருடம் முழுக்க அதை விற்கிறார்கள். டிசம்பர் வந்தால் குடோனில் மிச்சம் இருக்கும் 850 கிராம் டின்களை அடுத்த சீசனுக்குள் நகர்த்தியாக வேண்டும். அதற்காக டிசம்பர் 18 முதல் 31 வரை ஒரு இயர் எண்ட் சேல், அதற்கென்று தனியாக ஒரு லேண்டிங் பேஜ். பேஜில் மேலே டின் படம், கீழே ஆறு டின் பெட்டிக்கு என்ன தள்ளுபடி என்று இரண்டு வரி, அதற்கும் கீழே ஒரு ஆரஞ்சு நிறப் பட்டன்.

அந்தப் பட்டனைத்தான் கால் டு ஆக்‌ஷன் என்கிறார்கள். பேஜுக்கு வந்தவரை அடுத்த படிக்கு நகர்த்தும் பட்டன், அவ்வளவுதான். அதில் என்ன எழுதுவது என்பதில் கடையிலேயே இரண்டு கட்சி. அண்ணன் "இப்போதே வாங்க" என்று பளிச்சென்று இருக்கட்டும் என்கிறார். அவர் தங்கை, "யாருண்ணா விலை தெரியாம வாங்குவாங்க, 'சலுகை விலை பார்க்க'ன்னு போடு" என்கிறார். இரண்டுமே நியாயமான பேச்சுதான். எது சரி என்று உட்கார்ந்து விவாதித்தால் முடியாது, வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றையும் மீதிப் பேருக்கு இன்னொன்றையும் காட்டி எண்ணிப் பார்த்தால் முடியும். இதற்குப் பெயர் ஏ/பி டெஸ்ட். செய்வது சுலபம், வரும் எண்ணைப் படிப்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் செய்முறையைச் சுருக்கமாகவும் படிக்கும் விதத்தை விலாவாரியாகவும் சொல்கிறேன். கடையும் எண்களும் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கு நிஜமானது, உங்கள் எண்ணைப் போட்டு அப்படியே செய்து பார்க்கலாம். இனி முதல் பட்டனை 'வாங்க' என்றும் இரண்டாவதை 'விலை' என்றும் கூப்பிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "முதல் வாரம் 'வாங்க' போடுவோம், ரெண்டாவது வாரம் 'விலை' போடுவோம், எதில் ஆர்டர் அதிகமோ அதை எடுத்துக்குவோம்" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இயர் எண்ட் சேலில் இது கண்டிப்பாக வேண்டாம். முதல் வாரத்தில் கிறிஸ்துமஸ் பர்சேஸ் இருக்கும். இரண்டாவது வாரத்தில் ஸ்கூல் லீவு இருக்கும், கடைசி நாள் நெருக்கடி இருக்கும், மாதக் கடைசியில் சம்பளம் போடுகிற இடங்களில் சம்பளமும் விழுந்திருக்கும். 31ஆம் தேதி சாயங்காலம் வருகிறவர் பட்டனில் என்ன எழுதியிருந்தாலும் வாங்கத்தான் வந்திருக்கிறார். இரண்டாவது வாரம் ஆர்டர் கூடினால் அது பட்டனால் வந்ததா தேதியால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. இரண்டு பட்டனும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில், ஒரே விளம்பரத்திலிருந்து வருகிறவர்களுக்கு மாறி மாறிப் போக வேண்டும். யாருக்கு எது என்பதை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும். அதே ஆள் மறுபடி வந்தால் முதலில் பார்த்த பட்டனையே பார்க்க வேண்டும்.

இதற்குப் பழைய வீடியோக்களில் கூகுள் ஆப்டிமைஸ் என்ற இலவச டூலைச் சொல்வார்கள். அது 2023 செப்டம்பர் 30ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது, தேடி அலைய வேண்டாம். ஒரே ஒரு பட்டனுக்குக் காசு கட்டி டூல் வாங்கவும் வேண்டாம், இவ்வளவு போதும்:

```html
<script>
let v = localStorage.getItem("btn");
if (!v) {
  v = Math.random() < 0.5 ? "vaanga" : "vilai";
  localStorage.setItem("btn", v);
}
const b = document.getElementById("buy");
b.textContent = v === "vaanga"
  ? "இப்போதே வாங்க" : "சலுகை விலை பார்க்க";
gtag("event", "seen_" + v);
b.addEventListener("click", () => gtag("event", "click_" + v));
</script>
```

பட்டனின் id `buy` என்று இருக்கட்டும், இதைப் பட்டனுக்கு அடுத்த வரியிலேயே வைத்துவிடுங்கள். பேஜின் கடைசியில் வைத்தால் பழைய எழுத்து ஒரு கணம் தெரிந்து பிறகு மாறும், பார்ப்பவருக்கு அது உறுத்தும். பேஜுக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸின் ஸ்கிரிப்ட் இதற்கு முன்பே பேஜில் ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் `gtag` வேலை செய்யாது. ஆர்டர் ஃபார்மில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைத்து அதிலும் இந்த `v` மதிப்பைப் போட்டுவிட்டால், ஒவ்வொரு ஆர்டரும் எந்தப் பட்டன் வழியாக வந்தது என்பது ஆர்டர் லிஸ்டிலேயே வந்து விழும். அனலிட்டிக்ஸில் Events ரிப்போர்ட்டைத் திறந்தால் `seen_vaanga`, `click_vilai` என்று தனித்தனியாக வரும். அதில் Event count என்ற பத்தியை எடுக்காமல் Total users என்ற பத்தியை எடுங்கள். ஒரே ஆள் ஐந்து தடவை அழுத்தினால் ஐந்து கிளிக் ஆகிவிடும், நமக்கு வேண்டியது ஆட்களின் எண்ணிக்கை.

டெஸ்ட் தொடங்கும் முன் இரண்டு பட்டனையும் ஒரு சாதாரண போனில் திறந்து பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தமிழ் எழுத்து அகலமானது. தங்கை முதலில் சொன்ன மாதிரியை இன்னும் மரியாதையாக "சலுகை விலையைப் பாருங்கள்" என்று போட்டால், சின்ன ஸ்கிரீனில் அது இரண்டு வரியாக மடங்கிவிடும். பட்டன் உயரம் கூடிவிடும், இன்னொரு பட்டனைவிடப் பெரிதாகத் தெரியும், சில போன்களில் அதற்குக் கீழே இருக்கும் "கேஷ் ஆன் டெலிவரி உண்டு" என்ற வரி ஸ்கிரீனுக்கு வெளியே போய்விடும். அப்போது நீங்கள் சோதிப்பது எழுத்தை இல்லை, சின்னப் பட்டன், பெரிய பட்டன் என்ற வேறு ஒரு கேள்வியை. அதனால்தான் "பார்க்க" என்று குறுக்கி இரண்டையும் ஒரே வரிக்குள் அடக்கினோம். நிறம், அளவு, இடம், அழுத்தினால் போகும் பக்கம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், எழுத்து மட்டும் மாற வேண்டும்.

சரி, எதை எண்ணுவது? இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. பட்டனை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பது ஒரு எண். எத்தனை பேர் ஆர்டர் போட்டார்கள் என்பது இன்னொரு எண். கடைக்கு வேண்டியது இரண்டாவது. ஆனால் சீக்கிரம் சேர்வது முதலாவது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை டெஸ்ட் தொடங்கும் முன்பே கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். அதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது:

```
16 × p × (1 − p) ÷ d²
```

p என்பது இப்போது நடக்கும் விகிதம். d என்பது நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம். விடையாக வருவது ஒவ்வொரு பட்டனுக்கும் எத்தனை பேர் வேண்டும் என்பது. அவ்வளவு பேர் இருந்தால், அந்த அளவு வித்தியாசம் நிஜமாகவே இருக்கும்போது 100க்கு 80 முறை அது நம் கண்ணில் படும்.

நம் கடையில் பேஜுக்கு வருகிற 100 பேரில் 9 பேர் பட்டனை அழுத்துவது வழக்கம், அதாவது p என்பது 0.09. புதிய எழுத்தால் அது ஐந்தில் ஒரு பங்கு கூடி 10.8 ஆனால் தெரிய வேண்டும் என்று வைத்தால் d என்பது 0.018. சூத்திரத்தில் போட்டால் ஒரு பட்டனுக்கு 4,044 பேர் என்று வருகிறது. ஆர்டருக்கு வருவோம். 100 பேரில் இரண்டரை பேர் ஆர்டர் போடுகிறார்கள், அது அதே ஐந்தில் ஒரு பங்கு கூடி 3 ஆனால் தெரிய வேண்டும் என்றால் p 0.025, d 0.005. விடை 15,600. இரண்டு பட்டனுக்கும் சேர்த்து 31,200 பேர்.

சேல் நடக்கும் 14 நாளில் பேஜுக்கு வரப்போவது சுமார் 8,000 பேர். அதாவது கிளிக்கைப் பற்றி ஏதாவது சொல்ல ஏறக்குறைய சரியாகப் போதும். ஆர்டரைப் பற்றி இதே அளவு உறுதியாகச் சொல்ல இன்னும் மூன்று வருட இயர் எண்ட் சேல் சேர வேண்டும். 4,000 பேரை வைத்துக்கொண்டு ஆர்டரில் தெரியக்கூடிய வித்தியாசம் என்றால் அது 2.5 என்பது 3.5 ஆவது மாதிரி பெரிய தாவலாக இருக்க வேண்டும். வெறும் பட்டன் எழுத்தை மாற்றி அப்படிப்பட்ட தாவல் வருவது அபூர்வம்.

"அப்போ டெஸ்டே வேண்டாமா தம்பி?" என்று அண்ணன் கேட்டால், செய்யலாம் அண்ணா, ஆனால் எதற்குப் பதில் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு செய்யலாம் என்பதுதான் பதில். கிளிக்குக்குப் பதில் கிடைக்கும். ஆர்டரில் பெரிய சேதம் எதுவும் ஆகவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளலாம். 14 நாளும் முடிந்த பிறகுதான் முடிவு என்று இப்போதே ஒரு பேப்பரில் எழுதி வைத்துவிட வேண்டும். 14 நாள் என்பது இரண்டு முழு வாரம், அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் செவ்வாய்க்கிழமை மந்தமும் சமமாகச் சேரும்.

எழுதி வைப்பது எதற்கு என்றால், நடுவில் கை சும்மா இருக்காது. நாலாவது நாள் ராத்திரி ஆர்டர் லிஸ்டைத் திறக்கிறார்கள். 'வாங்க' பட்டன் வழியாக 8 ஆர்டர், 'விலை' பட்டன் வழியாக 19 ஆர்டர். இரண்டு மடங்குக்கும் மேல்! தங்கைக்குச் சந்தோஷம், அண்ணனும் "சரி, அதையே எல்லாருக்கும் போட்டுடு" என்கிறார். இந்த இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். மொத்தக் கட்டுரையிலும் இந்த ஒரு கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்போகிறேன்.

இரண்டு பட்டனும் நிஜத்தில் ஒன்றேதான், எந்த வித்தியாசமும் இல்லை என்று வைப்போம். அப்போது வருகிற ஒவ்வொரு ஆர்டரும் எந்தப் பக்கம் விழும் என்பது காசு சுண்டிவிடுகிற மாதிரி. 27 முறை சுண்டினால் சரிபாதியாக விழாது, ஒரு பக்கம் கூடத்தான் விழும். எவ்வளவு கூடினால் "இது வெறும் சுண்டல் இல்லை" என்று சொல்லலாம்? மொத்த ஆர்டர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அதைவிட முன்னிலை அதிகமாக இருந்தால், வெறும் குலுக்கலில் அது வரும் வாய்ப்பு 100க்கு சுமார் 5. அதற்குள் இருந்தால், சும்மாவே வரக்கூடிய வித்தியாசம்தான். இரண்டு பக்கமும் சமமாக ஆட்களைப் பிரித்திருந்தால்தான் இந்தக் கணக்குப் பொருந்தும், நாம் அப்படித்தான் பிரித்திருக்கிறோம்.

நாலாவது நாள்: 8 கூட்டல் 19, மொத்தம் 27. வர்க்கமூலம் 5.2, இரண்டால் பெருக்கினால் 10.4. முன்னிலை 11. தாண்டிவிட்டது! கணக்கே "ஆமாம்" என்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 100க்கு 5 என்பது, முன்கூட்டியே குறித்த ஒரு நாளில் ஒரே ஒரு முறை பார்ப்பவருக்குத்தான் பொருந்தும். தினமும் பார்த்து, எந்த நாள் முன்னிலை அந்த இரண்டு மடங்கு வர்க்கமூலம் என்ற கோட்டைத் தாண்டுகிறதோ அந்த நாளில் நிறுத்துகிறவருக்குப் பொருந்தாது. வித்தியாசமே இல்லாத இரண்டு பட்டனை வைத்துக்கொண்டு, சீரான இடைவெளியில் ஐந்து முறை இப்படிப் பார்த்தால் எங்காவது ஒரு முறை தவறாக "வெற்றி" காட்டும் வாய்ப்பு 100க்கு 14 ஆகிறது. பத்து முறை பார்த்தால் 19. தினமும் பார்க்கிறவர் தனக்குத் தெரியாமலே ஐந்தில் ஒரு பங்கு ஏமாறும் வாய்ப்பைக் கையில் வைத்திருக்கிறார்.

பார்க்கவே கூடாதா என்றால், பார்க்கலாம், வேறு காரணத்துக்காக. பட்டன் வேலை செய்கிறதா, ஃபார்ம் போகிறதா, ஒரு பக்கம் ஆர்டரே வராமல் நிற்கிறதா என்று முதல் நாளே பார்த்தாக வேண்டும். பழுது கண்ணில் பட்டால் நிறுத்திச் சரிசெய்துவிட்டு முதலிலிருந்து எண்ணுங்கள். யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்து நிறுத்துவதுதான் கூடாது.

ஆக, டிசம்பர் 31 ராத்திரி சேல் முடிந்தது. எண்கள் இப்படி வந்திருக்கின்றன. 'வாங்க' பட்டனைப் பார்த்தவர்கள் 4,012 பேர், அழுத்தியவர்கள் 361 பேர், ஆர்டர் 100. 'விலை' பட்டனைப் பார்த்தவர்கள் 3,988 பேர், அழுத்தியவர்கள் 479 பேர், ஆர்டர் 108.

எடுத்ததும் கிளிக்குக்குப் போகாமல், முதலில் பார்த்தவர்கள் எண்ணிக்கையைப் பாருங்கள். பாதிப் பாதி பிரித்தோமே, பாதிதானா? மொத்தம் 8,000, வர்க்கமூலம் 89, இரண்டு மடங்கு 179. வித்தியாசம் வெறும் 24. நன்றாகவே இருக்கிறது. ஒருவேளை 4,300க்கு 3,700 என்று வந்திருந்தால், வித்தியாசம் 600, அது குலுக்கலில் வராது. எங்கேயோ கணக்கு ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு வகைப் பட்டன் சில போன்களில் ஸ்கிரிப்ட் தடுக்கி எண்ணப்படாமல் போயிருக்கலாம், அல்லது யாரோ தங்கள் போனில் ஒரு வகையை நிலையாக வைத்து லிங்கைப் பரப்பியிருக்கலாம். அப்படி இருந்தால் கீழே உள்ள எந்த எண்ணையும் படிக்க வேண்டாம், அந்த டெஸ்ட் செல்லாது. முடிவு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் செல்லாது.

பிரிவு சரியாக இருந்தாலும் ஒரு சின்னக் கலப்படம் இருக்கும். இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தொட்டால் பேஜ் அந்த ஆப்புக்குள்ளேயே திறக்கும். அதே ஆள் சாயங்காலம் குரோமில் திறந்தால், முன்பு எந்தப் பட்டனைப் பார்த்தார் என்பது அந்த பிரவுசருக்குத் தெரியாது, மறுபடி குலுக்கல் நடக்கும். அவர் இரண்டு பேராக எண்ணப்படுவார், இரண்டு பட்டனையும் பார்த்திருக்கவும் கூடும். இது எந்தப் பக்கமும் சாயாது, ஆனால் நிஜ வித்தியாசத்தைக் கொஞ்சம் மங்க வைக்கும். கடை ஆட்களும் சொந்தக்காரர்களும் "எப்படி இருக்குன்னு பார்க்கிறேன்" என்று அழுத்திப் பார்ப்பதைத் தடுத்துவிட்டால் நல்லது. அவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், போதும்.

இப்போது கிளிக். 361க்கு 479, முன்னிலை 118. மொத்தம் 840, வர்க்கமூலம் 29, இரண்டு மடங்கு 58. 118 என்பது 58ஐ நன்றாகத் தாண்டியிருக்கிறது. 'விலை' பட்டன் அதிகம் பேரை அழுத்த வைக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. நூற்றுக்கு 9 பேர் என்பது 12 பேர் ஆகியிருக்கிறது.

அடுத்து ஆர்டர். 100க்கு 108, முன்னிலை 8. மொத்தம் 208, வர்க்கமூலம் 14.4, இரண்டு மடங்கு 29. எட்டு எங்கே, இருபத்தொன்பது எங்கே? நாலாவது நாள் 11 ஆர்டர் முன்னால் இருந்த பட்டன் கடைசியில் 8 ஆர்டர் முன்னால் முடித்திருக்கிறது, அதாவது மீதிப் பத்து நாளில் அது மூன்று ஆர்டர் பின்தங்கியிருக்கிறது. அன்றைக்கே நிறுத்தியிருந்தால் "ஆர்டர் இரண்டு மடங்காச்சு" என்றுதான் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"அப்போ ரெண்டு பட்டனும் ஒண்ணுதானா?" என்ற கேள்வி இங்கே வரும். அப்படியும் சொல்ல முடியாது. இதை நிதானமாகப் படியுங்கள். வித்தியாசம் இல்லை என்று தெரிந்துவிட்டது என்பது வேறு, வித்தியாசம் இருக்கிறதா என்று தெரியவில்லை என்பது வேறு. முன்னிலை 8, அதில் ஆட்டம் கூட்டியோ குறைத்தோ 29. அதாவது நிஜ முன்னிலை, கழித்தல் 21 முதல் கூட்டல் 37 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 4,000 பேருக்கு இது என்பதால், ஆயிரம் பேருக்கு என்று பார்த்தால் 5 ஆர்டர் குறைவதிலிருந்து 9 ஆர்டர் கூடுவது வரை. வழக்கமாக ஆயிரத்துக்கு 25 ஆர்டர் வரும் கடைக்கு 9 என்பது பெரிய லாபம், 5 குறைவது கணிசமான நஷ்டம். இரண்டுமே இன்னும் சாத்தியம். கூடுதல் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்லலாம். முதலில் போட்ட சூத்திரம் 15,600 பேர் வேண்டும் என்று சொன்னது இதைத்தான்.

ஆர்டரைவிட இங்கே எனக்குச் சுவாரசியமாகப் படுவது கிளிக்குக்கும் ஆர்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. 'விலை' பட்டன் 118 பேரைக் கூடுதலாக உள்ளே கொண்டுவந்தது. கூடுதலாக வந்த ஆர்டர் 8. மற்ற 110 பேர் விலையைப் பார்த்தார்கள், போனார்கள். அவர்கள் ஏற்கெனவே வாங்கும் எண்ணத்தில் இருந்தவர்கள் இல்லை, "என்ன விலைதான் போட்டிருக்கான்" என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள். பட்டன் என்ன சொன்னதோ அதைச் செய்தார்கள். பார்க்கச் சொன்னோம், பார்த்தார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சிலர் இப்படிக் கணக்குப் போடுவார்கள்: 'வாங்க' பட்டனை அழுத்திய 100 பேரில் 28 பேர் ஆர்டர் போட்டிருக்கிறார்கள், 'விலை' பட்டனை அழுத்திய 100 பேரில் 23 பேர்தான் போட்டிருக்கிறார்கள், அதனால் 'விலை' மட்டம். இந்த ஒப்பீடு தப்பு. பேஜுக்கு வந்தவர்களைத்தான் குலுக்கல் பிரித்தது, அழுத்தியவர்களைப் பிரிக்கவில்லை. 'விலை' பட்டனை அழுத்தியவர்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கலந்திருக்கிறார்கள், அதனால் அங்கே விகிதம் குறையத்தான் செய்யும், வாங்குகிறவர் ஒருவர்கூடக் குறையாமலே குறையும். எப்போதும் வகுக்க வேண்டியது பேஜைப் பார்த்தவர்கள் எண்ணிக்கையால். ஆர்டர் எண்ணிக்கையை 4,012ஆலும் 3,988ஆலும் வகுங்கள், 361ஆலும் 479ஆலும் வேண்டாம்.

ரூபாயைப் பார்ப்போமே, கடைசியில் கல்லாவில் விழுவது அதுதானே என்றும் தோன்றும். பாருங்கள், ஆனால் ஆர்டரைவிட அது இன்னும் ஆடும். தை மாதக் கல்யாணங்களுக்காக ஓசூரில் ஒரு கேட்டரிங்காரர் 3.1 கிலோ பெரிய டின்னில் நாற்பதை ஒரே ஆர்டரில் போட்டார் என்று வையுங்கள். அவருக்குக் குலுக்கலில் 'விலை' பட்டன் விழுந்திருந்தால், அந்தப் பக்கத்து வசூல் திடீரென்று ஏறிவிடும். அவர் எந்தப் பட்டனைப் பார்த்திருந்தாலும் வாங்கியிருப்பார். இந்த மாதிரி மொத்த ஆர்டர்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் அதே விதியில் எடுத்து வைத்துவிட்டு, வீட்டுக்கு வாங்குகிறவர்களின் ஆர்டரை மட்டும் எண்ணுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. முடிவு வந்த பிறகு, பிடிக்காத ஆர்டரை எடுத்து வைக்கத் தொடங்கினால் அது டெஸ்ட் இல்லை.

நம் ஊர் வியாபாரத்தில் இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது, கேஷ் ஆன் டெலிவரி. ஆர்டர் என்று விழுந்ததெல்லாம் விற்பனை ஆகாது. கூரியர்காரர் கதவைத் தட்டும்போது "வேண்டாம்" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு, டின் கனமானது என்பதால் போக வர இரண்டு பக்கக் கூலியும் கடை தலையில். அவசரப்படுத்தும் எழுத்து இருக்கிற பட்டனில் இது கூடலாம், சும்மா பார்க்க வந்தவர் சபலத்தில் போட்ட ஆர்டரிலும் கூடலாம், ஊகிக்க முடியாது, எண்ணத்தான் வேண்டும். அதனால் இறுதிக் கணக்கை டிசம்பர் 31 ராத்திரி மூடாமல், கடைசிப் பார்சலின் கதை தெரியும் வரை, ஜனவரி மூன்றாவது வாரம் வரை திறந்து வையுங்கள். நம் கடையில் 'வாங்க' பக்கம் 9 பார்சல் திரும்பியது, 'விலை' பக்கம் 15. நின்றது 91, 93. திரும்பியதிலும் அதே கணக்குத்தான்: மொத்தம் 24, வர்க்கமூலம் 4.9, இரண்டு மடங்கு 9.8, வித்தியாசம் 6. கோட்டுக்குள்தான் இருக்கிறது. 'விலை' பட்டனால்தான் ரிட்டர்ன் கூடியது என்று சொல்ல இது போதாது, ஆனால் அடுத்த முறை கவனிக்க வேண்டிய இடம் என்று குறித்துக்கொள்ளலாம்.

சரி, அண்ணனுக்கும் தங்கைக்கும் என்ன சொல்வது? கிளிக்கை மட்டும் பார்த்தால் தங்கை ஜெயித்தார். ஆர்டரில் யாரும் ஜெயிக்கவில்லை. என் அபிப்பிராயத்தில் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பட்டன் எழுத்தைப் பற்றியது இல்லை, விலையைப் பற்றியது. வந்தவர்களில் ஒரு பெரிய கூட்டம் விலை தெரியாமல் நிற்கிறது என்பதை 118 கூடுதல் கிளிக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆறு டின் பெட்டியின் பழைய விலை, சேல் விலை, கூரியர் எவ்வளவு என்ற மூன்றையும் பட்டனுக்கு மேலேயே போட்டுவிடலாம். அப்போது "சலுகை விலை பார்க்க" என்ற பட்டனுக்கு வேலையே இல்லை, "இப்போதே வாங்க" என்பது பொருத்தமாகிவிடும். இதுவும் இன்னும் ஊகம்தான், ஆனால் சோதிக்கத் தகுந்த ஊகம். விலை மேலே தெரியும் பேஜ் ஒரு பக்கம், தெரியாத பேஜ் ஒரு பக்கம் என்று ஓட்டலாம். இரண்டு வார்த்தையை மாற்றுவதைவிட இது பெரிய மாற்றம், பெரிய மாற்றம் என்றால் வித்தியாசமும் பெரிதாக வரலாம், அது 8,000 பேரில் கண்ணுக்குத் தெரியவும் வாய்ப்பு அதிகம். சின்னக் கடைகள் பட்டன் எழுத்தை விட்டுவிட்டு இந்த அளவு மாற்றங்களைச் சோதிப்பதுதான் சரி என்று நான் நினைப்பதற்குக் காரணமும் அந்த 16 போட்ட சூத்திரம்தான். d இரண்டு மடங்கானால் தேவைப்படும் ஆட்கள் நாலில் ஒரு பங்காகிவிடுகிறார்கள்.

அதை உடனே ஜனவரி முதல் வாரத்தில் ஓட்டலாமா என்றால், ஓட்டலாம், ஆனால் அந்த எண்ணை இந்த எண்ணோடு சேர்த்துக் கூட்டக் கூடாது. சேல் முடிந்துவிட்டது, "கடைசி நாள் 31" என்ற வரி பேஜில் இல்லை, வருகிறவர்களும் வேறு மனநிலையில் வருகிறார்கள். பொங்கலுக்கு ஒரு சேல் போடுவதாக இருந்தால் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் முழு வாரக் கணக்காக. தொடங்கும் முன் தேதி, எண்ணப்போகும் எண், முடிக்கும் நாள் மூன்றையும் ஆர்டர் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், அண்ணனும் தங்கையும் இருவரும் கையெழுத்துப் போட்டு.